இருபது நிமிடத்துக்கும் ஃபியூவர், இருபது கேள்விக்கும் ஃபியூவரா?

வரிக்குவரி | பிப்ரவரி 3, காலை 9.10

இணையவழித் தேர்வு நடத்தும் மென்பொருள் ஒன்றுக்கு ஆங்கிலக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று நான் அனுப்பிய வரி இது:

```
The test takes less than 20 minutes and has less than 20 questions.
```

திருத்தத்துக்குப் போய் இப்படித் திரும்பி வந்தது:

```
The test takes fewer than 20 minutes and has fewer than 20 questions.
```

ஓரத்தில் ஒரு குறிப்பு: "எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூவர்தான். நிமிடத்தையும் எண்ணலாம், கேள்வியையும் எண்ணலாம்."

வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. ஆனால் முதல் பாதியைப் படிக்கும்போது சோற்றில் கல் கடிபட்டது போல் இருக்கிறது. என் காது கெட்டுவிட்டதா, அல்லது குறிப்பு தவறா?

இலக்கணவாத்தியார் | பிப்ரவரி 3, காலை 9.42

குறிப்பு சரி, காதுதான் தவறு. பெயர்ச்சொல்லின் இறுதியில் பன்மை எஸ் ஏறினால் ஃபியூவர், ஏறாவிட்டால் லெஸ். மினிட்ஸ், கொஸ்டின்ஸ் இரண்டிலும் எஸ் இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக இதைத்தான் கற்பிக்கிறேன். விதி என்றால் விதி.

நிரலன் | பிப்ரவரி 3, காலை 10.05

எங்கள் பக்கத்தில் இந்தத் தகராறே கிடையாது.

```
if (questions < 20)
```

இதை 'லெஸ் தேன்' என்றுதான் எல்லாரும் வாசிக்கிறோம். கேள்வியாக இருந்தாலும் நிமிடமாக இருந்தாலும் ஒன்றே. `less` என்று ஒரு கட்டளைகூட உண்டு, `fewer` என்று கிடையாது.

வரிக்குவரி | பிப்ரவரி 3, காலை 10.20

நிரலன், நான் கேட்டது குறியைப் பற்றி அல்ல, வாக்கியத்தைப் பற்றி. ஆனாலும் நீங்கள் தற்செயலாக ஒன்றைத் தொட்டிருக்கிறீர்கள். அந்த நிரலில் இருபது வெறும் எண். எண்ணோடு எண்ணை ஒப்பிடும்போது லெஸ்தான் என்பதில் வாத்தியாருக்கும் மறுப்பு இருக்காது. அப்படியானால் 'இருபது நிமிடம்' என்பது எண்ணா, நிமிடங்களின் கூட்டமா?

முன்னாள்மெய்ப்பாளர் | பிப்ரவரி 3, பகல் 12.15

கடைசிக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. எண்ணலாமா என்று கேட்பதால்தான் சிக்கல். உலகில் எதைத்தான் எண்ண முடியாது? கிலோவை எண்ணலாம், மைலை எண்ணலாம், டாலரை எண்ணலாம். ஆனால் 'பத்து மைலுக்குக் குறைவு' என்று சொல்லும்போது யாரும் மைல்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அது ஒரே நீளம். ஒன்பதரை மைலாகவும் இருக்கலாம். நேரம், தூரம், எடை, பணம் நான்கும் பெரும்பாலும் இப்படித்தான். பன்மை எஸ் இருந்தாலும் பொருள் ஒற்றைக் குவியல், ஆகவே லெஸ்.

கேள்வி அப்படி அல்ல. பதினெட்டேமுக்கால் கேள்வி என்று ஒன்று கிடையாது. உங்கள் வரியில் முதல் பாதிக்கு லெஸ், இரண்டாம் பாதிக்கு ஃபியூவர். நீங்கள் ஒரு இடத்தில் தவறினீர்கள், திருத்தியவர் இன்னொரு இடத்தில் தவறினார். கணக்கு சமம்.

சந்தேகம் வந்தால் வினைச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'ட்வென்டி மினிட்ஸ் இஸ் இனஃப்' என்று ஒருமை வினை இயல்பாக உட்காருகிறதா? அப்படியானால் அது குவியல்.

இலக்கணவாத்தியார் | பிப்ரவரி 3, பகல் 12.50

அளவைப் பெயர்கள் விதிவிலக்கு என்பதை மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி விதிதான். பழங்காலம் முதல் வருவது.

முன்னாள்மெய்ப்பாளர் | பிப்ரவரி 3, பகல் 1.30

பழங்காலம் என்றால் எவ்வளவு பழமை? 1770இல் ராபர்ட் பேக்கர் என்ற ஆங்கிலேயர் மொழிப் பயன்பாடு குறித்த தம் நூலில் எழுதியதிலிருந்துதான் இது வளர்ந்தது. எண்ணிக்கையைச் சொல்லும்போது எல்லாரும் லெஸ் என்கிறார்கள், 'நூறுக்குக் குறையாமல்' என்பதற்கு ஃபியூவர் இருந்தால் இன்னும் நயமாக இருக்கும் என்று தமக்குத் தோன்றுவதாகச் சொன்னார். அவர் சொன்னது விருப்பம். பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டமாக்கினார்கள்.

அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே ஆல்ஃபிரட் அரசரின் மொழிபெயர்ப்பில் சொற்களின் எண்ணிக்கையைக் குறிக்க லெஸ்ஸின் பழைய வடிவம் வருகிறது. 'சொற்களில் குறைவாக' என்ற பொருளில், சொல்லுக்கு வேற்றுமை ஏற்றி எழுதப்பட்டது. பிறகு வேற்றுமை உருபுகள் தேய்ந்தன, லெஸ் நேரே பன்மைப் பெயரின் முன்னால் வந்து நின்றது.

இதைச் சொல்வதால் கையேட்டில் 'லெஸ் கொஸ்டின்ஸ்' என்று எழுதலாம் என்று பொருள் அல்ல. இன்றைய அச்சு ஆங்கிலம் அதை ஏற்பதில்லை, படிப்பவர் முகம் சுளிப்பார். காரணம் வழக்கம், அவ்வளவுதான்.

வரிக்குவரி | பிப்ரவரி 3, இரவு 9.05

மாலை முழுவதும் இதே யோசனை. தமிழில் இந்தக் கோடு இல்லையென்று நினைத்திருந்தேன். இருக்கிறது, வேறு இடத்தில். எத்தனை, எவ்வளவு! 'எத்தனை கேள்வி?' என்போம். 'எவ்வளவு தண்ணீர்?' என்போம். 'எவ்வளவு கேள்வி?' என்றால் காது உறுத்துகிறது.

நாள் என்ற சொல்லுக்கு இரண்டும் வருகிறது, பொருள் மாறுகிறது. 'வேலை முடிய எவ்வளவு நாளாகும்?' என்றால் கால நீளம். 'எத்தனை நாள் வகுப்புக்கு வந்தான்?' என்றால் தனித்தனி நாள்கள், வருகைப் பதிவேட்டில் ஒவ்வொன்றாக எண்ணுகிறோம்.

எனவே என் சோதனை: மனத்துக்குள் தமிழில் கேள்வி கேட்டுப் பார்ப்பது. எவ்வளவு வந்தால் லெஸ், எத்தனை வந்தால் ஃபியூவர். காசு செலவில்லை.

முன்னாள்மெய்ப்பாளர் | பிப்ரவரி 4, காலை 7.20

நாள் எடுத்துக்காட்டு அருமை. அலகின் பெயர் எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆங்கிலத்திலும் அப்படியே. வேலை முடிவது 'லெஸ் தேன் ஃபைவ் டேஸ்', தனித்தனியாக வந்து போன நாள்கள் 'ஃபியூவர் தேன் ஃபைவ் டேஸ்'. வாரத்தில் குறைவான மணி நேரம் வேலை செய்கிறார் என்பதற்கு 'ஃபியூவர் ஹவர்ஸ்' என்றுதான் எழுதுகிறார்கள், 'லெஸ் ஹவர்ஸ்' அல்ல.

ஆனால் சோதனையை முழுவதும் நம்பி இறங்காதீர்கள். தமிழில் தகவல்கள், அறிவுரைகள், வீட்டுப்பாடங்கள் எல்லாம் பன்மையில் வரும். 'எத்தனை தகவல்' என்றுகூடக் கேட்போம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஹோம்வொர்க், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட் எதற்கும் பன்மை கிடையாது. உங்கள் சோதனை 'ஃபியூவர் இன்ஃபர்மேஷன்' என்ற பள்ளத்தில் தள்ளிவிடும். முதலில் அகராதியில் எண்ண முடியாப் பெயர் என்ற குறி இருக்கிறதா பாருங்கள். எண்ணும் பெயர் என்று தெரிந்த பிறகே எத்தனை, எவ்வளவு.

வரிக்குவரி | பிப்ரவரி 4, காலை 7.48

நேற்றைய 'காசு செலவில்லை'யைத் திரும்பப் பெறுகிறேன். போன மாதம் 'ஃபியூவர் எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதியது நான்தான். திருத்தியவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நிமிடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டார்!

இரவுப்பணி | பிப்ரவரி 4, பிற்பகல் 3.15

லெஸ், ஃபியூவர் மாறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. என் அனுபவத்தில் உயிரை வாங்குவது லிட்டில் என்ற சொல். நான் செவிலியர். பணி மாறும்போது அடுத்தவருக்குக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். புதிதாக வந்தவர் ஒருவர் 'லிட்டில் பெயின்' என்று எழுதியிருந்தார். அவர் சொல்ல நினைத்தது, கொஞ்சம் வலி இருக்கிறது, கவனியுங்கள் என்று. நான் படித்தது, வலி இல்லையென்றே சொல்லலாம் என்று. 'அ' என்ற ஒற்றை எழுத்து முன்னால் இல்லை, அவ்வளவுதான். நோயாளியே கூப்பிட்டுச் சொன்னதால் தெரிந்தது. ஃபியூ, அ ஃபியூ இரண்டுக்கும் இதே கதைதானே?

முன்னாள்மெய்ப்பாளர் | பிப்ரவரி 4, மாலை 5.40

அதே கதைதான். 'அ' இருந்தால் இருப்பதைச் சொல்கிறது, இல்லாவிட்டால் போதாமையைச் சொல்கிறது. 'சிலர் வந்தார்கள்', 'வந்தவர்கள் சிலரே' என்று நாம் ஓர் ஏகாரத்தால் செய்வதை அவர்கள் அந்த ஓரெழுத்தால் செய்கிறார்கள். இத்தகைய குறிப்புகளில் இரண்டையும் தவிர்த்து 'மைல்ட் பெயின்', 'நோ பெயின்' என்று எழுதச் சொல்லுங்கள்.

வரிக்குவரி | பிப்ரவரி 5, காலை 10.30

திருத்தியவரிடம் 'காது சொல்கிறது' என்று போக முடியாது. சான்று வேண்டும். நேற்று இரவு தேடினேன், தேடித் தடுமாறினேன், அதை எழுதுகிறேன்.

முதலில் சாதாரண வலைத்தேடலில் மேற்கோள் குறிக்குள் இரண்டு தொடர்களையும் இட்டு, எதற்கு அதிக முடிவுகள் என்று பார்த்தேன். வீண் வேலை. அந்த எண்ணிக்கை தோராயமான மதிப்பீடு, பக்கம் பக்கமாகப் போனால் சுருங்கிவிடுகிறது. நிறுத்தக்குறிகளையும் அது பொருட்படுத்துவதில்லை. ஒரு வாக்கியம் லெஸ் என்று முடிந்து அடுத்தது பீப்பிள் என்று தொடங்கினாலும் 'லெஸ் பீப்பிள்' கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

பிறகு அச்சான நூல்களை மட்டும் பார்க்கும் கூகுள் என்கிராம் வியூவரில் இதை இட்டேன்:

```
less than twenty minutes,fewer than twenty minutes
```

லெஸ் கோடு மேலே போகிறது, ஃபியூவர் கோடு தரையோடு ஒட்டிக்கிடக்கிறது. மனம் குளிர்ந்தது. அடுத்து:

```
less students,fewer students
```

இங்கே தலைகீழ். ஃபியூவர் மேலே. எண்ணைச் சொல்லால் எழுதித் தேடுங்கள், அரிதான தொடர்களைத் தேடாதீர்கள். குறைந்தது 40 நூல்களில் வராத தொடரை அது காட்டாது. வெறும் வரைபடம் வந்தால் 'தவறான ஆங்கிலம்' என்று முடிவுகட்டக் கூடாது.

நிரலன் | பிப்ரவரி 5, காலை 11.00

இதுதான் எனக்குப் பிடித்த முறை. தரவு பேசட்டும். நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன். 'லெஸ் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்' ஏராளமாக வருகிறது. ஆசிரியர்களை எண்ணலாம், இருந்தும் லெஸ். ஆக உங்கள் விதி நூல்களிலேயே உடைந்துகிடக்கிறது!

வரிக்குவரி | பிப்ரவரி 5, காலை 11.25

நிரலன், அதில் லெஸ் தொற்றிக்கொண்டிருப்பது ஆசிரியரை அல்ல, அனுபவத்தை. 'அனுபவம் குறைந்த ஆசிரியர்கள்' என்பதுதான் பொருள். 'ஃபியூவர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்' என்றால் 'அனுபவமுள்ள ஆசிரியர்களின் எண்ணிக்கை குறைவு'. இரண்டும் சரியான ஆங்கிலம், சொல்லும் செய்தி வேறு.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. என் கையேட்டில் ஏழாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

```
The new version shows less complex forms.
```

படிவங்கள் எளிதாகிவிட்டன என்று எழுதினேன். திருத்தியவர் இங்கேயும் ஃபியூவர் போட்டிருக்கிறார். இப்போது அது 'சிக்கலான படிவங்கள் முன்பைவிடக் குறைவாகவே வருகின்றன' என்கிறது. உண்மையில் படிவங்கள் எத்தனை இருந்தனவோ அத்தனையும் இருக்கின்றன. கையேடு பொய் சொல்கிறது. இரண்டு நாளாக நிமிடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், உண்மையான பிழை ஏழாம் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

முன்னாள்மெய்ப்பாளர் | பிப்ரவரி 5, பகல் 12.10

திருத்தத்தில் எனக்கு மிகவும் அச்சம் தரும் இடம் அதுதான். தேடி மாற்று என்று ஒரே சொடுக்கில் லெஸ் எல்லாவற்றையும் ஃபியூவர் ஆக்கினால் இப்படித்தான் ஆகும். நான் எந்தப் பக்கமும் சாயாமல் வாக்கியத்தையே மாற்றிவிடுவேன். 'தி ஃபார்ம்ஸ் ஆர் சிம்ப்ளர்' என்று எழுதினால் ஐயத்துக்கே இடமில்லை.

தேடலுக்கு இன்னொரு வழி: கோகா என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பு. அங்கே சொல்லுக்குப் பதில் சொல்வகையைத் தேடலாம்.

```
less than _mc _nnt2
less than _mc _nn2
```

நடுவிலுள்ள `_mc` எண்ணுப்பெயர். முதல் வரி நாள், வாரம், ஆண்டு போன்ற காலப் பெயர்களின் பன்மையை மட்டும் எடுக்கும். இரண்டாவது சாதாரணப் பன்மைப் பெயர்களை எடுக்கும். சொல்வகை வகுத்தவர்களே காலத்தைத் தனி அறையில் வைத்திருப்பது உங்கள் வேலையை எளிதாக்குகிறது. எண் நடுவில் நிற்பதால் நிரலனின் 'அனுபவம் குறைந்த' சிக்கலும் வடிகட்டப்படுகிறது. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். ஒவ்வொரு தொடரையும் சொடுக்கி, வரிகளைப் படித்து, எந்த வகை எழுத்து என்று பாருங்கள். தொலைக்காட்சிப் பேச்சும் ஆய்விதழ்க் கட்டுரையும் அங்கே ஒரே கூரைக்கு அடியில் இருக்கின்றன.

வரிக்குவரி | பிப்ரவரி 6, இரவு 10.15

படித்தேன், கண் வலிக்கிறது. காலப் பெயர்களில் லெஸ்ஸே ஆள்கிறது. சாதாரணப் பெயர்களில் ஃபியூவருக்கு மதிப்பு அதிகம், ஆனால் லெஸ்ஸும் தலைகாட்டுகிறது, குறிப்பாகப் பேச்சில்.

மெய்ப்பாளருக்கு ஒரு முள்: நீங்கள் சொன்ன ஒருமை வினைச் சோதனை கேள்விக்கும் வேலை செய்துவிடுகிறதே! 'ட்வென்டி கொஸ்டின்ஸ் இஸ் டூ மெனி' என்று தாராளமாகச் சொல்கிறார்கள். அப்படியானால் இருபது கேள்வியும் குவியல்தானா?

முன்னாள்மெய்ப்பாளர் | பிப்ரவரி 7, காலை 6.50

பிடித்துவிட்டீர்கள். ஆமாம், வரம்பு என்று பார்க்கும்போது கேள்வியும் குவியலாகிவிடுகிறது. 'ஐம்பது சொல் அல்லது அதற்குக் குறைவாக எழுதுக' என்பதற்கு 'ஆர் லெஸ்' என்று நல்ல எழுத்தாளர்களே எழுதுவது அதனால்தான். 'ஒன்று குறைந்தது' என்பதற்கும் பலர் 'ஒன் லெஸ்' என்றே சொல்வார்கள். என் சோதனை ஒருவழிப் பாதை. ஒருமை வினை உட்காராவிட்டால் லெஸ் நிச்சயம் கூடாது. உட்கார்ந்தால், லெஸ் என்று உறுதி சொல்ல அது மட்டும் போதாது. பதினெட்டேமுக்கால் சோதனையையும் சேர்த்துப் பாருங்கள்.

இலக்கணவாத்தியார் | பிப்ரவரி 7, காலை 8.30

என் மாணவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை வேறு. 'நம்பர் ஆஃப் எரர்ஸ் இஸ் ஃபியூவர்' என்று எழுதுகிறார்கள். பிழைகள் குறைவு என்று நினைத்து ஃபியூவர் போடுகிறார்கள். எண்ணிக்கை ஒன்றுதான், அது சிறிதாகவோ தாழ்வாகவோ இருக்கலாம். 'லோயர்' அல்லது 'ஸ்மாலர்' வேண்டும். 'ஃபியூவர் நம்பர் ஆஃப்' என்பதும் இதே வகை. இதையாவது விதி என்று சொல்ல விடுவீர்களா?

முன்னாள்மெய்ப்பாளர் | பிப்ரவரி 7, காலை 8.41

விடுகிறேன். இதில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி.

வரிக்குவரி | பிப்ரவரி 9, மாலை 6.00

முடிவு. வரி இப்படி அச்சுக்குப் போகிறது:

```
The test takes less than 20 minutes and has fewer than 20 questions.
```

திருத்தியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு நிமிடத்தை விட்டுக்கொடுத்தார். ஏழாம் பக்கத்தைக் காட்டியதும் சற்று நேரம் பேசவில்லை, பிறகு அவரே 'சிம்ப்ளர்' என்று மாற்றினார்.

ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டோம். தேர்வர்களில் 20 விழுக்காட்டுக்கும் குறைவானோர். விழுக்காடு அளவு, அதனால் லெஸ் என்கிறேன் நான். விழுக்காட்டுக்குப் பின்னால் நிற்பது ஆட்கள், அதனால் ஃபியூவர் என்கிறார் அவர். அடுத்து வரும் வினை பன்மை என்பதையும் காட்டுகிறார்.

முன்னாள்மெய்ப்பாளர் | பிப்ரவரி 9, இரவு 8.20

அங்கே இரண்டும் அச்சில் ஓடுகின்றன. நான் பணியில் இருந்த காலத்தில் லெஸ் போட்டேன். என்னோடு அதே அறையில் இருந்தவர் கடைசி வரை ஃபியூவர் போட்டார். கையேடு முழுவதும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

நிரலன் | பிப்ரவரி 9, இரவு 8.33

'லெஸ் தேன் ஒன் இன் ஃபைவ்' என்று எழுதிவிட்டால்?

வரிக்குவரி | பிப்ரவரி 9, இரவு 8.35

நிரலன், அதற்கு அடுத்த வினை இஸ்ஸா, ஆரா?